மைனஸ் 20-ல் ஒரு நாள்

ஜூன் மாதம் பிறந்தால் நெதர்லாந்தின் கடற்கரை ஊர்களில் ஹெர்ரிங் திருவிழாக் களை கட்டிவிடும். நம்மூர் மத்திக்குச் சொந்தக்கார மீன்தான் ஹெர்ரிங். உருவத்தில் கொஞ்சம் பெரியது. கோடையின் தொடக்கத்தில் அதன் உடம்பில் கொழுப்பு ஏறியிருக்கும். தெருவோரக் கடையில் தலையும் முள்ளும் நீக்கி, வாலை மட்டும் விட்டு, பொடியாக அரிந்த வெங்காயத்தோடு கொடுப்பார்கள். வாங்கியவர் வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாந்து, அப்படியே கடித்துத் தின்பார். அந்த மீன் அடுப்பைப் பார்த்ததே இல்லை. லேசான உப்பில் ஊறியது, அவ்வளவுதான்.

பார்க்கிற நமக்குச் சற்று முன் கடலிலிருந்து வந்த மீன் என்று தோன்றும். உண்மையில் அது குறைந்தது ஒரு முழு நாள் மைனஸ் 20 டிகிரியில் கல்லாக உறைந்து கிடந்துவிட்டு வந்த மீன். 1968 முதல் அந்த நாட்டில் அது சட்டம். பச்சையாகத் தின்னும் மீனை விற்பதற்கு முன் உறையவைத்தே தீரவேண்டும் என்று ஒரு நாடு ஏன் விதி செய்தது என்று பார்த்தால், பச்சை மீனைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

1950-களின் நடுவில் ஹாலந்து மருத்துவமனைகளுக்கு ஒரு விசித்திரமான வயிற்றுவலி வரத் தொடங்கியது. திடீரென்று குடலைப் பிழியும் வலி, வாந்தி, லேசான காய்ச்சல். குடலடைப்போ குடல்வால் அழற்சியோ என்று வயிற்றைத் திறந்த மருத்துவர்கள், குடலின் ஒரு பகுதி மட்டும் தடித்து வீங்கிக் கிடப்பதைப் பார்த்தார்கள். வெட்டியெடுத்த அந்தத் துண்டை நுண்ணோக்கியில் வைத்தபோது, குடல் சுவருக்குள் தலையை நுழைத்தபடி ஒரு சிறு புழு தெரிந்தது. நோயாளிகளுக்குள் ஒரு பொதுவான விஷயம் இருந்தது: வலி வருவதற்கு முன் அவர்கள் லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் தின்றிருந்தார்கள். லைடன் நகரத்து ஒட்டுண்ணி ஆய்வாளர் வான் தீலும் அவரது சகாக்களும் 1960-ல் இதை விவரித்து எழுதினார்கள். மீனில் இருக்கும் புழுவே மனிதக் குடலில் இருப்பதும் என்று அடையாளம் காட்டினார்கள். அந்தப் புழுவின் பெயர் அனிசாகிஸ்.

அனிசாகிஸுக்கு மனிதனிடம் எந்த வேலையும் இல்லை. அதன் வீடு திமிங்கிலம், டால்பின் போன்ற கடல் பாலூட்டிகளின் இரைப்பை. அங்கேதான் அது வளர்ந்து முதிர்ந்து முட்டையிடும். முட்டைகள் கழிவோடு கடலில் கலக்கும். பொரிந்து வரும் இளம்புழுவை கூனி இறால் போன்ற கிரில் உயிரிகள் விழுங்கும். அவற்றை மீனோ கணவாயோ தின்னும். மீனின் குடலைத் துளைத்து வெளியே வரும் புழு, ஈரலின் மேலும் குடலைச் சுற்றிலும் கடிகாரச் சுருள்வில் போலச் சுருண்டு படுத்துவிடும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம், நூல் அளவு பருமன், வெள்ளை நிறம். அங்கே அது வளராது, காத்திருக்கும். அந்த மீனை ஒரு திமிங்கிலம் தின்றால் சுற்று முழுமையாகிவிடும். நடுவில் மனிதன் தின்றுவிட்டால், புழு தவறான வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் அதனால் முதிரவும் முடியாது, முட்டையிடவும் முடியாது. சில நாட்களில், மிஞ்சிப்போனால் சில வாரங்களில் செத்துப்போகும். ஆனால் போகிற வரை வழி தேடிச் சுவரைத் துளைக்கப் பார்க்கும்.

ஆக, புழு கடலில் வாழும் மீனுக்குள் உயிரோடு இருக்கும்போதே வந்துவிடுகிறது. மீன் கெட்டுப்போவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் பளபளக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை எழும்புகிறதா என்றெல்லாம் பார்த்து வாங்குகிறோமே, அந்தச் சோதனைகள் அழுகலைத்தான் காட்டிக்கொடுக்கும். புழுவைக் காட்டாது. இன்று காலை பிடித்த மீனென்றால், உள்ளே இருக்கும் புழுவும் இன்று காலை பிடித்ததுதான். நல்ல துடிப்போடு இருக்கும்.

ஹாலந்துக்காரர்கள் இந்த மீனைப் பல நூறு ஆண்டுகளாகத் தின்றுவந்தவர்கள். பிறகு ஏன் 1950-களில் மட்டும் இந்த நோய்? இந்தக் கேள்விக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் படகுகளில் இருக்கிறது. பழைய முறையில், வலையை ஏற்றியதுமே படகிலேயே மீனின் செவுளையும் குடலின் பெரும்பகுதியையும் சிறு கத்தியால் ஒரே இழுப்பில் எடுத்துவிடுவார்கள். கணையத்தை மட்டும் உள்ளே விடுவார்கள். அதிலுள்ள நொதிகள்தான் சதையைப் பதமாக்கும். பிறகு பீப்பாயில் நிறைய உப்போடு அடுக்குவார்கள். குடலோடு பெரும்பாலான புழுக்கள் கடலுக்கே போய்விடும். மிச்சம் மீதி பல வாரக் கடும் உப்பில் செத்துவிடும். 1950-களில் ஐஸ் வசதி வந்தது. குடலை எடுக்காமல் முழு மீனையே ஐஸில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்து, அங்கே சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். வாடிக்கையாளர்களுக்கும் உப்பு குறைந்த மீனே பிடித்துப்போயிற்று. மீன் செத்து ஐஸில் கிடக்கும் நேரத்தில், ஈரலைச் சுற்றியிருந்த புழுக்களில் சில வயிற்றுச் சதைக்குள் நகர்ந்துவிட்டன. லேசான உப்பு அவற்றை ஒன்றும் செய்யவில்லை.

கெட்டுப்போகாமல் காக்க வந்த ஐஸ்தான் புழுவுக்கு அவகாசம் கொடுத்தது என்பது இதிலுள்ள வேடிக்கை. பூச்சியம் டிகிரிக்கு அருகிலுள்ள குளிர் இந்தப் புழுவுக்குப் பழகிய குளிர். வட கடல்களின் நீரே அந்த அளவில்தான் இருக்கும். மீனுக்குள் எப்போது புழு சதைக்குப் போகிறது, எவ்வளவு போகிறது என்பது மீனுக்கு மீன் மாறும். சிலவற்றில் மீன் உயிரோடு இருக்கும்போதே வயிற்றுத் தசையில் புழு இருக்கும். அதனால் பிடித்தவுடன் குடலை எடுத்துவிடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அது முழுக் காப்பு ஆகாது.

வலி எப்படி இருக்கும் என்பதை ஜப்பானியரிடம்தான் கேட்க வேண்டும். அங்கேதான் இந்த நோய் அதிகம், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானவர்களுக்கு வருகிறது. கானாங்கெளுத்தி, கணவாய், நெத்திலி வகைகளைப் பச்சையாகவோ வினிகரில் நனைத்தோ தின்ற சில மணி நேரத்தில், மேல்வயிற்றில் கத்தியால் குத்துவது போன்ற வலி விட்டுவிட்டு வரும். கூடவே குமட்டல், வாந்தி. மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வியே நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான். எண்டோஸ்கோப்பிக் குழாயை இரைப்பைக்குள் செலுத்தினால், சிவந்து வீங்கிய சுவரில் பாதி உடல் உள்ளேயும் பாதி வெளியேயுமாக நெளியும் வெள்ளைப் புழுவைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழாய் வழியாகச் சிறு இடுக்கியை விட்டுப் பிடித்து இழுத்துவிடுவார்கள். புழு வெளியே வந்ததும் வலி பெரும்பாலும் உடனே அடங்கிவிடும். மருத்துவத்தில் இவ்வளவு திருப்தியான சிகிச்சைகள் குறைவு. புழு இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குப் போய்விட்டால்தான் சிக்கல். அங்கே குழாய் எளிதில் எட்டாது, வலியும் ஓரிரு நாள் கழித்தே வரும், குடல்வால் அழற்சி என்று தவறாக எண்ணவும் இடமுண்டு. அன்றைய ஹாலந்து நோயாளிகளின் குடலை வெட்ட நேர்ந்தது அதனால்தான்.

வினிகர் ஊற்றினால் போதாதா, எலுமிச்சை பிழிந்தால் சாகாதா என்று தோன்றலாம். மீன் சதை அமிலத்தில் வெளுத்து, வெந்ததுபோல் ஆகிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் இது திமிங்கிலத்தின் இரைப்பை அமிலத்தில் வாழப் பிறந்த புழு. நம் ஊறுகாய் அமிலம் அதற்குப் பெரிய விஷயமில்லை. ஸ்பெயினில் நெத்திலியை வினிகரில் ஊறவைத்துப் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துத் தின்பது பிரபலமான சிற்றுண்டி. அந்த நாட்டில் அனிசாகிஸ் நோய்க்கு முதல் காரணமும் அதுவே. சுஷியோடு வரும் காரமான பச்சை வசாபி, கூடக் குடிக்கும் மது, இவற்றின் மேல் நம்பிக்கை வைப்பதும் வீண். கொல்வது இரண்டே விஷயம்: சூடு, அல்லது உறைய வைக்கும் கடுங்குளிர். சூடு என்றால் மீனின் நடுப்பகுதி 60 டிகிரியைத் தொட்டு ஒரு நிமிடமாவது அங்கே நிற்க வேண்டும். நம் குழம்பும் வறுவலும் இந்த எல்லையை அலட்சியமாகத் தாண்டிவிடும். மீனில் புழு இருந்தாலும் நம் பாட்டிமார்கள் கவலைப்படாமல் சமைத்ததற்கு இதுவே காரணம்.

இனி குளிருக்கு வருவோம். புழுவின் உடலிலும் பெரும்பகுதி நீர். சுற்றியுள்ள மீன் சதை உறையும்போது புழுவுக்குள்ளும் பனிப்படிகங்கள் வளர்ந்து செல்களைக் கிழிக்கின்றன; உறையாமல் மிஞ்சும் திரவத்தில் உப்பின் செறிவு ஏறிப்போய் மிச்சத்தைக் கெடுக்கிறது. ஆனால் இது நொடியில் நடப்பதல்ல. குளிர்க்கடல் உயிரியான இந்தப் புழு, உறைதலைக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க உதவும் சர்க்கரை வகை ஒன்றைத் தன் உடம்பில் வைத்திருக்கிறது. மைனஸ் 5, மைனஸ் 10 போன்ற அரைகுறைக் குளிரில் வைத்த மீனைக் கரைத்தால், உள்ளே புழு மறுபடி அசையக்கூடும். அதனால்தான் விதிகளில் எப்போதும் இரண்டு எண்கள் சேர்ந்தே வரும், எவ்வளவு குளிர் என்பதும் எவ்வளவு நேரம் என்பதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, மைனஸ் 20-ல் 24 மணி நேரம் அல்லது மைனஸ் 35-ல் 15 மணி நேரம். அமெரிக்காவில் மைனஸ் 20 என்றால் 7 நாள்.

ஒரே குளிருக்கு ஒருவர் ஒரு நாள் என்கிறார், இன்னொருவர் ஏழு நாள் என்கிறார். யார் சொல்வது சரி? இரண்டும் சரிதான், கடிகாரத்தை எங்கே தொடங்குகிறார்கள் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. ஐரோப்பிய விதியில் மீனின் எல்லாப் பகுதியும், அதாவது நடு மையமும் மைனஸ் 20-ஐத் தொட்ட பிறகுதான் 24 மணி நேரம் தொடங்கும். அமெரிக்காவின் ஏழு நாளில் உறைந்து முடிக்க ஆகும் நேரமும் அடக்கம். அப்படியும்கூட, 15 சென்டிமீட்டருக்கு மேல் தடிமனான பெரிய மீனுக்கு இந்த அளவு போதாமல் போகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரிக்கிறது.

வீட்டு ஃப்ரீசரில் இதைச் செய்ய நினைப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இந்த மையம்தான். ஒருவர் சந்தையில் இரண்டு கிலோ கானாங்கெளுத்தி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். குடலை எடுக்காமல், ஒரே பையில் மொத்தையாகக் கட்டி, ஏற்கெனவே நிரம்பியிருக்கும் ஃப்ரீசரில் மாலையில் திணிக்கிறார். மறுநாள் மாலை எடுத்துத் தட்டிப் பார்த்தால் கல்லாக இருக்கிறது. 24 மணி நேரம் ஆகிவிட்டது என்று கணக்குப் போடுகிறார். நடந்தது வேறு. மீன் சதையின் நீர் மைனஸ் 1-க்கும் மைனஸ் 5-க்கும் நடுவில்தான் பெரும்பாலும் உறைகிறது. அந்தக் கட்டத்தில் குளிர் எவ்வளவு இழுத்தாலும் வெப்பநிலை இறங்காமல் மணிக்கணக்கில் நின்றுவிடும். வெளியே கல்லாக இருக்கும் மொத்தையின் நடு மீன், மறுநாள் காலையில்தான் அந்தக் கட்டத்தையே தாண்டியிருக்கலாம். வீட்டு ஃப்ரீசர் பொதுவாக மைனஸ் 18-ல் ஓடும். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அது ஏறும்; இரண்டு கிலோ சூட்டை உள்ளே கொண்டுவைத்த அன்று இன்னும் ஏறும். ஆக, அவர் நினைத்த 24 மணி நேரத்தில் நடுமையம் மைனஸ் 20-ல் ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது.

அதே மீனைக் குடல் நீக்கி, இரு பக்கச் சதையையும் துண்டாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காகத் தட்டில் பரப்பினால் கதை மாறிவிடும். தடிமன் பாதியானால் உறையும் நேரம் பாதிக்கும் கீழே போய்விடும். ஸ்பெயின் நாட்டு உணவுப் பாதுகாப்பு அமைப்பு வீடுகளுக்குச் சொல்லும் அறிவுரை நடைமுறைக்கு ஒத்தது: வெளியே மூன்று நட்சத்திரமாவது போட்ட ஃப்ரீசராக இருக்க வேண்டும், மைனஸ் 20-ல் 5 நாள் வைக்க வேண்டும். நம்மிடம் பல வீடுகளில் ஃப்ரிட்ஜின் உள்ளேயே ஐஸ்கட்டி வைக்க ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, அதற்குள்ளே மீனை வைத்துவிட்டுப் பச்சையாகத் தின்னக் கிளம்பக் கூடாது. ஒரு சாதாரண ஃப்ரீசர் தெர்மாமீட்டர் வாங்கி இரண்டு நாள் உள்ளே வைத்துப் பார்த்தால், தன் ஃப்ரீசர் உண்மையில் எந்த எண்ணில் ஓடுகிறது என்று தெரியும். பலருக்கு அது ஏமாற்றமாகவே இருக்கும்.

புழு இருக்கிறதா என்று பார்த்தே தவிர்த்துவிட முடியாதா? தொழிற்சாலைகளில் முயல்கிறார்கள். கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் மீன் துண்டை வைத்தால் புழு நிழலாகத் தெரியும். காட் போன்ற வெள்ளைச் சதை மீனில் இது ஓரளவு பலிக்கும். கானாங்கெளுத்தி, ஹெர்ரிங் போலக் கறுத்த, கொழுப்பேறிய சதையில் வெளிச்சமே ஊடுருவாது. வெள்ளைச் சதையிலும் ஆழத்தில் கிடப்பது தப்பிவிடும். ஆய்வாளர்கள் எண்ணிக்கையைத் துல்லியமாக அறிய வேறு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மீன் சதையை அழுத்தித் தட்டையாக்கி, உறையவைத்துக் கரைத்து, புறஊதா விளக்கில் காட்டினால் உறைந்து செத்த புழுக்கள் பளிச்சென்று ஒளிரும். அழகான முறை, ஆனால் நசுக்கிய மீனை யாரும் தட்டில் பரிமாற முடியாது.

எல்லாப் பச்சை மீனும் உறைந்து வந்தாக வேண்டும் என்றும் இல்லை. நார்வேயின் வளர்ப்பு சால்மனைப் பாருங்கள். புழு கிரில் வழியாகத்தான் மீனுக்குள் வருகிறது என்று பார்த்தோம். கூண்டுக்குள் வளரும் சால்மன் உலர்ந்த தீவன உருண்டையைத் தின்று வளர்கிறது; சங்கிலியின் அந்தக் கண்ணி அங்கே அறுந்துவிடுகிறது. அதனால் அத்தகைய சால்மனுக்கு ஐரோப்பிய விதி உறையவைப்பதிலிருந்து விலக்கு தருகிறது. ஜப்பானியர்கள் தங்கள் கடலின் காட்டு சால்மனைப் புழுவுக்குப் பயந்து பச்சையாகத் தின்றதில்லை. இன்று சுஷிக் கடைகளில் ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் அந்தத் துண்டு, 1980-களில் நார்வேக்காரர்கள் பாடுபட்டு ஜப்பானுக்குப் பழக்கிவிட்ட வளர்ப்பு சால்மன். பெரிய சூரை மீனுக்கும் அமெரிக்க விதியில் விலக்கு உண்டு. அதன் சதையில் இந்தப் புழு அபூர்வம். போதாததற்கு, தொலைகடலில் பிடிக்கும் சூரையைக் கப்பலிலேயே மைனஸ் 60 டிகிரிக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அவ்வளவு வேகமாக உறைந்தால் பனிப்படிகங்கள் மிகச் சிறியவையாக இருக்கும், சதை கிழியாது. வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறைந்த மீன் கரையும்போது நீர் விட்டுத் தொளதொளப்பதற்கு அப்படிகங்கள் பெரிதாக வளர்ந்ததே காரணம். ஜப்பானியச் சமையல்காரர்கள் உறையவைக்கத் தயங்குவதும் இந்தப் பதத்துக்காகத்தான். சதையை உறையவைக்காமல் மின் அதிர்வு செலுத்திப் புழுவை மட்டும் கொல்லும் கருவி ஒன்றைக்கூட குமமோட்டோ பல்கலைக்கழகம் ஒரு மீன் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியிருக்கிறது.

உறையவைத்தால் புழு சாகும். அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க முடியாது. செத்த புழு சதையிலேயேதான் கிடக்கும். அனிசாகிஸின் சில புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். தடிப்பு, முகவீக்கம், கடுமையான நிலையில் மூச்சுத்திணறல் வரை போகும். அந்தப் புரதங்கள் சிலவற்றைக் குளிரும் அழிக்காது, சமையல் சூடும் அழிக்காது. ஒருமுறை பச்சை மீனால் இப்படி ஆனவர், மீன்தான் ஒத்துக்கொள்ளவில்லையா, மீனுக்குள்ளிருந்த புழு ஒத்துக்கொள்ளவில்லையா என்று பரிசோதித்துத் தெரிந்துகொள்வது நல்லது. சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றை வெயிலில் போட்டுவைத்தால் உண்டாகும் ஹிஸ்டமினும் அப்படித்தான். உருவாகிவிட்ட பிறகு ஃப்ரீசராலும் அடுப்பாலும் அதைப் போக்க முடியாது.

பாக்டீரியாவும் உறைநிலையில் சாவதில்லை. தூங்கும், கரைந்ததும் விழித்துக்கொள்ளும். 2015-ல் சிங்கப்பூரில், பச்சை மீன் துண்டுகளோடு பரிமாறும் கஞ்சியைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைப் பாக்டீரியாவால் கடுமையாக நோயுற்றார்கள். ரத்தத்தில் நச்சு, மூளைக்காய்ச்சல், மூட்டுத் தொற்று என்று போனது. மீன்கள் நன்னீர் வகை: கெண்டை இனம் ஒன்று, விரால் இனம் ஒன்று. நன்னீர் மீனுக்கு வேறு புழுக்களும் உண்டு. வடகிழக்குத் தாய்லாந்தில் பச்சை ஆற்று மீனை மசாலா சேர்த்துக் கொத்தித் தின்னும் பழக்கத்தால் ஈரல் புழு பரவி, பித்தநாளப் புற்றுநோய் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது. சிங்கப்பூர் அரசு அந்த டிசம்பரிலேயே, நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறுவதை உணவுக் கடைகள் அடியோடு நிறுத்தவேண்டும் என்று உத்தரவிட்டது. பச்சையாகத் தின்பதற்கென்றே தனியாகக் கொண்டுவரப்படும் கடல் மீனுக்கு மட்டும் அங்கே அனுமதி தொடர்கிறது.